கொட்டேஷன் கொடுத்த பிறகு எங்களிடமிருந்து எப்போது தகவல் வரும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கீழக்கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மொட்டைமாடிச் சோலார் பொருத்தித் தருகிறோம். எங்களிடம் கொட்டேஷன் வாங்கிய பலருக்கு ஒரு சலிப்பு இருந்ததை அறிவோம். வாரம் ஒருமுறை போன் போட்டு, "என்னங்க, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அப்படிக் கேட்பதில்லை. அதற்குக் காரணமான ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறோம்.

2025 ஜூனில் ஒரு அம்மா வீட்டுக்கு 3 கிலோவாட் கொட்டேஷன் கொடுத்தோம். வரி நீங்கலாக 1,50,000 ரூபாய், வரியோடு 1,70,700. மூன்று முறை போன் போட்டோம். இரண்டு முறை "மகன்ட்ட கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றார், மூன்றாவது முறை எடுக்கவில்லை. முடிவெடுக்க வேண்டிய மகன் துபாயில் இருக்கிறார். நாங்கள் கேட்ட கேள்வியில் அந்த அம்மா மகனிடம் கொண்டுபோய்ச் சொல்லும்படி எதுவுமே இல்லை.

புரட்டாசியில் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்கப் போன எங்கள் எலக்ட்ரீசியன் மாலையில் எதேச்சையாக அந்த மாடியைப் பார்த்தார். பேனலுக்கு நாங்கள் குறித்திருந்த இடத்தை நோக்கித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் நீண்டிருந்தது.

தவறு எங்களுடையது. நம் ஊரில் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி நடுவிலும் உச்சிவெயில் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் விழும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே போகும். நாங்கள் அளந்தது ஜூனில். தொட்டி தெற்கு ஓரத்தில், பேனல் மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் இருந்தது. அன்று அதன் நிழல் பேனல் பக்கம் வராததால், தொட்டிக்கு வடக்கே 1 மீட்டர் மட்டும் விட்டுக் குறித்துவிட்டோம். மார்கழியில் அதே தொட்டியின் நிழல் நண்பகலிலேயே வடக்கே சுமார் 1.3 மீட்டர் நீளும். பிற்பகல் 3 மணி வாக்கில் வடகிழக்காகச் சாய்ந்து சுமார் 2.6 மீட்டர் ஆகிவிடும். பேனல்கள் ஒரே சரடாகக் கோக்கப்படுபவை. ஒன்றில் நிழல் விழுந்தாலும் சரடு முழுவதன் உற்பத்தியும் பாதிக்கப்படலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பொருத்தும் வேலையோடு சேர்த்துக் கொடுக்கும்போது மொத்த விலையில் 70 பங்கு சாதனமாகவும் 30 பங்கு சேவையாகவும் கணக்கிடப்படும். சேவைக்கு 18 சதவீதம் மாறவில்லை. ஆக, மொத்தத்தின் மேல் 13.8 சதவீதமாக இருந்த வரி 8.9 ஆனது.

இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி அந்த அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினோம். பேனல் வரிசையை 1 மீட்டர் வடக்கே தள்ள வேண்டும், கூடுதல் கேபிளும் தாங்கு கம்பியும் சேர்த்து 2,000 ரூபாய். 1,52,000-க்குப் புதிய வரியோடு 1,65,528. பழைய தொகையைவிட 5,172 ரூபாய் குறைவு. மார்கழியில் 4 மணிக்கு மேல் விழும் நிழலை இந்த மாற்றமும் தடுக்காது என்பதையும், எந்தத் தேதி வரை இந்த விலை நிற்கும் என்பதையும் எழுதினோம். 78,000 ரூபாய் மத்திய அரசு மானியத்தைப் பற்றி எழுதவில்லை. அது முதல் கொட்டேஷனிலேயே இருந்தது, மாறவும் இல்லை.

அம்மா அதை அப்படியே மகனுக்கு அனுப்பிவிட்டார். அன்றிரவே மகன் கூப்பிட்டார். விலையைப் பற்றிப் பேசவேயில்லை. "தொட்டியையே வடக்கு ஓரத்துக்கு மாத்திட்டா 4 மணி நிழலும் போயிடுமா?" என்று கேட்டார். மார்கழியில் போய்விடும், ஆனால் ஆனி ஆடியில் நிழல் தெற்கே திரும்பிப் பேனல் மேல் வரும் என்றோம். சிரித்துவிட்டு, எங்கள் வழியிலேயே செய்யச் சொன்னார்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இதுதான். உங்கள் கொட்டேஷனில் உள்ள ஒரு எண்ணையோ, வரைபடத்தையோ, தேதியையோ மாற்றுகிற விஷயம் கிடைத்தால் மட்டுமே எழுதுவோம். விலை இறங்கினாலும் எழுதுவோம். காத்திருந்ததால் உங்களுக்கு லாபம் என்று சொல்வது கடைக்காரனுக்குச் சற்றுக் கசப்புதான், இருந்தாலும் சொல்வோம். "அடுத்த மாசம் ஏறிடும்" என்று எந்த ஆதாரமும் இல்லாமல் அவசரப்படுத்த மாட்டோம். புதிதாக எதுவும் இல்லையென்றால், கொட்டேஷன் காலாவதியாகும் முன் ஒரே ஒரு நினைவூட்டல் வரும்.

உங்கள் பக்கமும் மாறுவது உண்டு. கொட்டேஷன் வாங்கிய பிறகு மாடியில் புதுத் தொட்டி வைத்தாலோ, பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினாலோ, ஏசி வாங்கினாலோ ஒரு படத்தையோ மின்கட்டண ரசீதையோ அனுப்புங்கள். திருத்திய கொட்டேஷனை, மாறிய இடங்களுக்கு அடிக்கோடிட்டு, கட்டணமின்றி அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
கீழக்கரை