செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் குடிநீர்த் தொட்டி பராமரிப்பும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த ஆண்டு புதிதாக எடுத்துச் செய்தது, நம் குடும்பங்களின் போட்டோக்களை வைத்து அச்சிட்ட 2026 காலண்டர். அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

படம் எடுத்த மாதத்திலேயே அதை வைத்துவிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். ஆனால் 2025 தீபாவளி அக்டோபர் 20; 2026 தீபாவளி நவம்பர் 8. மத்தாப்புப் படத்தை அக்டோபரில் வைத்தால் பண்டிகைக்கு முன்பே தாளைக் கிழித்திருப்போம். எனவே அது நவம்பருக்குப் போனது; அக்டோபருக்குக் கொலுப் படம் வந்தது. பொங்கல், பள்ளி திறக்கும் ஜூன், மாம்பழமும் பேரன் பேத்திகளுமாக நிறையும் மே ஆகியவற்றில் விவாதமே எழவில்லை. கல்யாணப் படங்கள்தான் குவிந்தன. ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை நீள்வதால், அவ்விரு பக்கங்களிலும் கல்யாணப் படம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னது நியாயமே. தை முகூர்த்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பிப்ரவரியில் சேர்த்தோம்.

ஆகஸ்டுக்குக் கிடைத்தது பதினெட்டாம் பெருக்கு அன்று காவிரிக் கரையில் ஒரு குடும்பம் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். என் கண்ணுக்கு அதுதான் பன்னிரண்டிலும் சிறந்தது. முதலில் வாட்ஸ்அப்பில் வந்த பிரதியின் நீளம் 1600 பிக்சல்தான். A3 தாளின் மேல்பாதியில் படம் 11.7 அங்குல அகலத்துக்கு விரியும். அங்குலத்துக்கு 137 பிக்சல் மட்டுமே கிடைத்து முகங்கள் மங்கியிருக்கும். அதனால் மூலப் படத்தையே வாங்கி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். ஐந்து அங்குல நீளத்துக்கு 3000 பிக்சல் கிடைத்தது, அங்குலத்துக்கு 256. பாட்டியின் மூக்குத்தி வரை துலங்கியது. செல்போனில் எடுத்த படங்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அளவு குறையாது.

நெட்டுக்குத்தாக எடுத்த நல்ல படங்கள் சிலவற்றை வருத்தத்துடன் விட்டோம். மேல்பாதி குறுக்குவாட்டில் இருப்பதால், வெட்டினால் தலையோ காலோ போகும். தேர்ந்தெடுத்தவற்றிலும் தலைக்கு மேல் ஓர் அங்குலமாவது வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்தோம். ஸ்பைரல் துளைகள் அங்கேதான் விழும். அரக்குப் பட்டு திரையில் தெரிந்ததைவிடத் தாளில் கறுத்து வந்ததால், ஒரே ஒரு தாளைச் சோதனைக்கு அச்சிட்டு, வெளிச்சம் கூட்டிய பிறகே மொத்தத்தையும் அச்சுக்குக் கொடுத்தோம். பால் கணக்கும் கேஸ் பதிவும் பேனாவால் எழுத வேண்டுமே என்று மேட் தாளைத் தேர்ந்தெடுத்தோம்.

2027இல் தீபாவளி மீண்டும் அக்டோபருக்கு வருவதால் கொலு, தீபாவளி இரண்டும் ஒரே தாளுக்குப் போட்டியிடும். நவம்பருக்கு மழைக்காலப் படங்கள் தேவை. வீட்டில் உள்ள பழைய ஆல்பங்களை ஆடிப்பெருக்குக்குள் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்