சரியா தவறா: உன் வினாத்தாள் பற்றி

கோத்தகிரி

அன்புள்ள சரவணா,

உன் கடிதமும் எட்டாம் வகுப்பு அறிவியல் தாளும் வந்து சேர்ந்தன. இங்கே இரண்டு நாளாக மூடுபனி, மதியத்திலும் விளக்குப் போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கொடைக்கானலிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

உன் பத்து சரி/தவறு வினாக்களில் பாடமே படிக்காத ஒருவர் ஏழெட்டைப் பிடித்துவிடுவார். இரண்டை மட்டும் பார். ‘தண்ணீர் எப்போதும் 100 டிகிரியில் மட்டுமே கொதிக்கும்.’ ‘உயரமான இடங்களில் நீரின் கொதிநிலை பொதுவாகக் குறையலாம்.’ எப்போதும், மட்டுமே, எல்லா, ஒருபோதும் என்று வந்தால் தவறு. பொதுவாக, சில, பெரும்பாலும் என்று வந்தால் சரி. பிள்ளைகள் இதை ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழில் இன்னொரு தொல்லை, இந்தக் குறிப்பு தனிச் சொல்லாக நிற்காமல் விகுதியிலும் ஒளிந்துகொள்ளும். ‘ஏ’யும் ‘தான்’உம் ஒட்டினால் தவறு பக்கம் சாயும், ‘லாம்’ ஒட்டினால் சரி பக்கம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வரிசையாகப் படித்துப் பார், அகப்பட்டுவிடும்.

அதற்காக அந்தச் சொற்களை அடியோடு விலக்க வேண்டாம். ‘எல்லாச் சதுரங்களும் செவ்வகங்களே’ என்பது சரியான கூற்று. இப்படி ஒன்றிரண்டு கலந்தால் ‘எல்லா’வை நம்பிக் குறி போடும் பழக்கம் போய்விடும்.

குறிப்புச் சொல்லை நீக்கினால் மட்டும் வினா நன்றாகிவிடாது. பிள்ளைகள் உண்மையில் எதைத் தவறாக நம்புகிறார்கள் என்று பார்த்து, அந்த நம்பிக்கையையே கூற்றாக எழுத வேண்டும். உன் ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரமாவது அதனால்தான். ஆனால் தீயைக் கூட்டினால் வெந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆகவே இப்படி எழுதலாம்: ‘கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் அரிசி வேகும்போது அடுப்புத் தீயைக் கூட்டினால் அரிசி சீக்கிரம் வேகும்.’ குறிப்புச் சொல் எதுவும் இல்லை. ஆனால் ஓட்டை ஒன்று இருக்கிறது. தண்ணீர் இன்னும் கொதிக்காத நிலையை நினைக்கும் பிள்ளை ‘சரி, சீக்கிரம் கொதித்துவிடும்’ என்று எழுதினால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ‘தண்ணீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு’ என்று சேர்த்துவிடு. இப்போது கூற்று ஐயமின்றித் தவறு.

அடுத்து, விடைக்குக் காரணம் எழுதச் சொல்வது பற்றி. ‘தவறெனில் திருத்தி எழுதுக’ என்ற வழக்கமான குறிப்பு போதாது. சரி என்று போட்டவனுக்கு எழுத வேலையே இல்லை. தவறு என்று போட்டவன் ‘வேகும்’ என்பதை ‘வேகாது’ ஆக்கிவிட்டுப் போய்விடுவான். இரண்டுக்கும் காரணம் கேள், ‘கூற்றில் உள்ள சொற்களைத் திருப்பி எழுதாமல்’ என்று சேர், இரண்டு வரி மட்டும் கோடு போட்டுக் கொடு.

மதிப்பெண் 2 வைத்துக்கொண்டால் காரணம் இல்லாத குறிக்கு 0. கடுமையாகத் தோன்றும்தான். ஆனால் 40 பேர் வகுப்பில் எல்லாரும் பூவா தலையா போட்டு விடை எழுதினாலும் சராசரியாக ஏழு பேர் 10-க்கு 7 அல்லது அதற்கு மேல் வாங்கிவிடுவார்கள். குறிக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் அந்த ஏழு பேரைத்தான் பாராட்டிக்கொண்டிருப்போம். ‘தவறு. கொதித்த பிறகு தீயைக் கூட்டினால் ஆவி அதிகமாகும், வெப்பநிலை ஏறாது’ என்பதற்கு 2. ‘தவறு. இங்கே கொதிநிலை குறைவு’ என்பதற்கு 1, ஏனென்றால் அது உண்மையானாலும் தீ ஏன் உதவாது என்பதைச் சொல்லவில்லை. ‘தவறு. சீக்கிரம் வேகாது’ என்பதற்கு 0. குறியை மாற்றிப் போட்டுவிட்டுக் காரணத்தைச் சரியாக எழுதியவனுக்கு நான் 1 கொடுப்பேன்; நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். இந்த மாதிரி விடைகளைத் தாள் அச்சாகும் முன்பே எழுதி வைத்துக்கொள். உனக்கே 2 மதிப்பெண் விடை எழுத வரவில்லை என்றால் அந்தக் கூற்று மங்கலாக இருக்கிறது என்று அர்த்தம்.

பத்து வினா இப்போது தாங்காது. ஒன்றுக்கு நாலைந்து நிமிடம் ஆகும், 40 நிமிடப் பாடவேளைக்கு ஆறு வை. ஒவ்வொரு முறையும் சரி மூன்று, தவறு மூன்று என்று வைக்காதே. எண்ணிப் பார்த்தே கடைசி விடையைப் போட்டுவிடுவார்கள். உன் தாளில் ஏழாவது வினாவில் ‘ஆகவே’ போட்டு இரண்டு கருத்தைக் கோத்திருக்கிறாய். அதில் ஒன்று சரி, மற்றது தவறு. பிரித்துவிடு.

திருத்திய ஆறையும் அனுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்