மணிக்கட்டு வலிக்குக் காரணம் குழந்தையைத் தூக்கும் விதம்

ஆசிரியருக்கு,

பிரசவத்துக்குப் பிந்தைய உடல்நலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் இடுப்புவலிக்கு இடம் கிடைத்திருந்தது. மணிக்கட்டு வலி விட்டுப்போயிருந்தது. இயன்முறை சிகிச்சை செய்பவள் நான். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் பலர் இந்த வலியைச் சொல்கிறார்கள்.

அண்மையில் வந்த ஒருவருக்கு மூன்று மாதக் குழந்தை. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் வலி. பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. கால்சியம் குறைவு என்று மாத்திரை சாப்பிட்டு வந்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொல்லி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்ததுமே துடித்துவிட்டார். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் அந்த இடத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. திரும்பத் திரும்ப இழுபட்டால் உறை தடித்து, அவை உரசும். டி குர்வேன் பாதிப்பு என்பார்கள். கால்சியம் மாத்திரையால் இது சரியாகாது.

குழந்தையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். கட்டைவிரல்களை அகல விரித்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். முழு எடையும் விரிந்த கட்டைவிரலில்தான் இறங்குகிறது. இதை மாற்றினோம். குழந்தையை முதலில் தன் உடம்புக்கு அருகில் இழுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மற்றதைத் தலை, கழுத்துக்கு அடியிலும் நுழைத்து அள்ளித் தூக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்கட்டும். முழங்காலை மடக்கித் தூக்கினால் முதுகும் தப்பும்.

பால் கொடுக்கும்போது முதுகைக் கூனி மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோனார். மணிக்கட்டை வளைத்துத் தலையைத் தாங்கினார். முதுகுவலிக்கும் காரணம் அதுதான். மடியில் தலையணை வைத்துக் குழந்தையை மார்பு உயரத்துக்கு ஏற்றி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் குனியத் தேவையில்லை. தலையின் எடையை முன்கை ஏந்தட்டும், மணிக்கட்டு நேராக இருக்கட்டும். நன்றாகச் சாய்ந்துகொண்டு குழந்தையை நெஞ்சின்மேல் கிடத்தியும் கொடுக்கலாம். கைக்கு வேலை மிகக் குறைவு. ஆனால் சோபாவில் அப்படியே தூங்கிவிடக் கூடாது, குழந்தைக்கு மூச்சடைக்கும் ஆபத்து உண்டு.

கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையையும் அவருக்குப் போட்டோம். மணிக்கட்டை மட்டும் பிடிப்பது இதற்குப் போதாது. சில வாரங்களில் வலி நன்றாகக் குறைந்தது. எல்லாருக்கும் இப்படிக் குறைவதில்லை. அப்போது மருத்துவர் அந்த உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார். தாய்ப்பால் கொடுப்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது வேறு சிக்கல், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி