எலிக்கு வழி அடைப்பது பற்றி அப்பா எழுதுவது

அன்பு மகள் சுமதிக்கு,

ஜெய் ஜினேந்திரா.

பரணில் எலி நடமாடுகிறது, வீட்டு உரிமையாளர் விஷக் கட்டி வாங்கி வைத்துவிடலாம் என்கிறார், என்ன சொல்வது என்று கேட்டாய். வேண்டாம் என்று சொல்லிவிடு. உயிரைக் கொல்லாமை என்னும் நம் சமண அணுவிரதத்தைக் காரணமாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், அவருக்கே புரிகிற காரணம் ஒன்று இருக்கிறது. விஷம் தின்ற எலி அந்த இடத்திலேயே சாவதில்லை. கடைகளில் கிடைக்கும் கட்டிகளில் பல, உடம்புக்குள்ளேயே ரத்தம் கசியவைத்து நாலைந்து நாள் கழித்துக் கொல்பவை. அதற்குள் எலி சுவருக்குள்ளோ பரணின் மூலையிலோ ஒதுங்கிவிடும். பிறகு நாற்றம் வரும், எடுக்கவும் முடியாது. வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் சேரும். இத்தனையும் நடந்த பிறகு, காலியான இடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்து எலி அதே துளை வழியாக வந்து சேரும். வழியை அடைக்காதவரை கொன்றும் பயனில்லை. வழியை அடைத்துவிட்டால் கொல்லவே தேவையில்லை.

கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் இருந்த காலத்தில் நான் பார்த்துப் பார்த்துக் கற்றது இதுதான். நன்றாகக் கட்டிய தானியக் கிடங்கின் மேடை இடுப்பளவு உயரம் இருக்கும். அதன் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் சுவரில் ஏறும் எலி அங்கே தலைகீழாகத் தொங்கித்தான் மேலே வர வேண்டும், வர முடியாது. கதவின் அடிப்பகுதியில் தகடு அடித்திருப்பார்கள். படிக்கட்டைக்கூட மேடையோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு வைப்பார்கள். இவற்றில் எதுவும் எலியைக் கொல்வதில்லை, உள்ளே விடுவதுமில்லை. உன் வீட்டிலும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

முதலில் வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். நீ அனுப்பிய படத்தில் புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக, இரண்டு முனையும் கூராக இருந்தது. அது வீட்டெலி. நன்றாக மேலே ஏறும், பரண், குழாய், கேபிள் எல்லாம் அதற்குப் பாதை. சுண்டெலியின் புழுக்கை அதில் பாதிகூட இருக்காது. தரையோரமாகச் சுவரை ஒட்டி ஓடி, கீச்சிட்டு, ஒரு வாடை விட்டுப் போவது மூஞ்சூறு. அது பெட்டியையோ வயரையோ கடிக்காது, கரப்பானையும் பூச்சியையும் தேடி வருவது. கதவடி இடுக்கை அடைத்தால் அது நின்றுவிடும். ஆகவே எது வந்தாலும் எலி என்று பயந்துவிடாதே.

அடுத்து, வழி. மாப்பிள்ளையை இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நிற்கச் சொல். நீ பால்கனியிலும் மாடிப்படியிலும் நின்று, கதவடி, ஜன்னலோரம், குழாய் சுவரில் நுழையும் இடம் என ஒவ்வொன்றிலும் டார்ச் அடி. ஒளி உள்ளே விழும் ஒவ்வொரு இடத்தையும் அவர் குறித்துக்கொள்ளட்டும். ஒரு பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் போகும் துளையில் இளம் வீட்டெலி நுழையும். தலை போனால் உடம்பும் போய்விடும். நீ சொன்ன வீட்டை நினைத்துப் பார்த்தால் ஐந்து இடம் தோன்றுகிறது. சிங்க்குக்குக் கீழே கழிவுக் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏசி குழாய்க்காகப் போட்ட துளை, எக்ஸாஸ்ட் ஃபேன், துணி துவைக்கும் பால்கனிக் கதவின் அடி, குளியலறைத் தரை ஜாலி. அந்த முருங்கைக் கிளை சன்ஷேடைத் தொடுகிறது என்றாயே, அதையும் சேர்த்துக்கொள். கிளைக்கும் சுவருக்கும் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வரும்படி வெட்டச் சொல். வீட்டெலி நன்றாகத் தாவும்.

இத்தனையும் கண்டுபிடித்த உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்துவிடாதே. இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும், இந்த இடத்தில்தான் கொல்லக் கூடாது என்று நினைக்கிறவர்களே தெரியாமல் கொன்றுவிடுகிறார்கள். எலி உள்ளே இருக்கும்போது அடைத்தால் அது பட்டினியில் சாகும். தாய் இரை தேடி வெளியே போயிருக்கும்போது அடைத்தால் பரணில் இருக்கும் குஞ்சுகள் சாகும். கண் திறக்கவே அவற்றுக்கு இரண்டு வாரம் ஆகும், தானாக இரை தேடிப் போக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதனால் பரணில் இருக்கும் பழைய துணி மூட்டை, அட்டைப் பெட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்புறம், வாஷிங் மெஷினுக்கு அடி எல்லாவற்றையும் முதலில் பார். கிழித்த துணியும் காகிதமும் சேர்த்துக் கூடு இருந்து, அதில் இளஞ்சிவப்பாக முடியில்லாத குஞ்சுகள் கிடந்தால் தொடாதே. கூடு கலைந்தது தெரிந்தாலே தாய் அவற்றை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டுபோகவும் கூடும். இல்லையென்றால் ஒரு மாதம் பொறு. அந்த மாதத்தில் சாப்பாட்டுப் பொருளை மட்டும் பத்திரப்படுத்து.

கூடு இல்லையென்றால் இப்படிச் செய். நீ குறித்த ஒவ்வொரு துளையிலும் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகு. துளைக்கு உட்புறம் தரையில் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவு. மாவு தூவாதே, அது இரையாகிவிடும். நாலு இரவு பார். காகிதம் அசையாமலும் பவுடரில் தடம் இல்லாமலும் இருக்கும் துளையில் இப்போது போக்குவரத்து இல்லை, அதை அடைக்கலாம். காகிதம் இழுபட்டு, கால் தடம் தெரிகிற துளைதான் அதன் வாசல். சுவரோரம் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தாலும் அதுவே அடையாளம், நாள்தோறும் உடம்பு உரசிப் போவதால் வருவது.

அடைப்பதற்கு ஃபோம், தெர்மோகோல், துணி, மரக்கட்டை எதுவும் உதவாது, ஓர் இரவில் கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் நாரைத் துளைக்குள் இறுக்கமாகத் திணித்து, அதன்மேல் ஒன்றுக்கு மூன்று கலவையில் சிமென்ட் பூசச் சொல். கலவை ஈரமாக இருக்கும்போதே எலி தோண்டிவிடும் என்பதால்தான் அந்த நார். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வெளியே ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்பு வலை அடிக்க வேண்டும். கொசுவலை போதாது. தரை ஜாலியை வெறுமனே வைக்காமல் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடு. கதவடியில் தகடு அடித்து, தரைக்கும் தகட்டுக்கும் இடையே பென்சில் நுழையாதபடி பார்த்துக்கொள்.

வாசலாக இருக்கும் அந்த ஒரு துளையை மட்டும் கடைசிவரை திறந்து விடு. அதன் வெளிப்புறத்தில் மேலே மட்டும் கீல் போட்ட சிறிய தகடு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். உள்ளிருந்து முட்டினால் திறக்கும், வெளியிலிருந்து வந்தால் விளிம்பு துளையை மூடியிருக்கும். கொத்தனாருக்கு இது புதிதாகத் தோன்றலாம், பொறுமையாகச் சொல்லிச் செய்யவை. புதிய பொருளைக் கண்டால் வீட்டெலி சந்தேகப்பட்டு இரண்டு மூன்று நாள் தொடாது. அதனால் தகடு வேலை செய்யவில்லை என்று எடுத்துவிடாதே. உள்ளே பவுடர் தூவிக்கொண்டே இரு. தொடர்ந்து ஐந்து இரவு வீட்டுக்குள் எங்கும் தடமோ புதிய புழுக்கையோ இல்லையென்றால் எல்லாம் வெளியே போய்விட்டன. அன்றே சிமென்ட் வைத்து மூடிவிடு.

ஒன்று மட்டும் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தால் கூண்டு வைக்கலாம். ராத்திரி வைத்து விடிந்ததும் பார். வெயிலில் விடாதே, மேலே ஒரு துணி போர்த்து. அதைப் பையில் போட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறவர்கள் புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் பழகாத இடத்தில் வளையும் தெரியாது, இரையும் தெரியாது, பெரும்பாலும் பிழைக்காது. உங்கள் காம்பவுண்டு ஓரத்திலேயே பொழுது சாயும்போது திறந்து விடு. வழிகளை முதலில் அடைத்திருந்தால் அது திரும்பி வந்தாலும் உள்ளே வர முடியாது. பசை அட்டையை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதே. யாராவது வைத்து உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால், கெட்டிக் கையுறை போட்டுக்கொண்டு சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பசை விட்டுக்கொடுக்கும்.

இனி இரை. ஒரு வீட்டெலிக்கு ஒரு நாளைக்குப் பதினைந்திலிருந்து முப்பது கிராம் இருந்தால் போதும். சிங்க் வடிகட்டியில் தங்கும் ஒரு பிடி சோறு அதற்கு முழுச் சாப்பாடு. நம் ஊரில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, அடுப்படி கழுவி முடிந்துவிடும். எலி நடமாடும் நேரத்தில் தரையில் பருக்கை ஒன்று இருக்காது. இரவு உண்ணாமை விரதத்துக்கு இப்படி ஒரு பலனும் உண்டு. நீங்கள் இருவரும் ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறீர்கள், அதைக் குறை சொல்லவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிட்டாலும் பாத்திரத்தை ஊறப்போட்டுத் தூங்கப் போகாதே, சிங்க்கைத் துடைத்து உலர்த்து, குப்பைக்கு அழுத்தி மூடும் டப்பா வை. அரிசி பருப்பைப் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுத்து மூடியுள்ள ஸ்டீல் டிரம்மில் கொட்டு. கீழ் வீட்டுப் பாட்டி மொட்டை மாடியில் புறாவுக்குத் தானியம் போடுகிறார் என்றாயே, நல்ல மனம்தான், நிறுத்தச் சொல்லாதே. காலையில் போடட்டும், மிஞ்சியதை மாலையில் நீயே கூட்டி எடுத்துவிடு. இரவில் அங்கே தானியம் கிடந்தால் கட்டடம் முழுவதற்கும் எலி வரும், அப்போது யாராவது விஷம் வைப்பார்கள்.

பரணைச் சுத்தம் செய்யும்போது உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதே. தூசி மூக்கில் ஏறும், எலியின் புழுக்கையிலும் சிறுநீரிலும் நோய்க் கிருமி இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வை. மாஸ்க்கும் கையுறையும் போட்டு, பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவிட்டுப் பழைய துணியால் வழித்து எடு.

உன் வீட்டை மட்டும்தான் இப்படிக் காக்க முடியும், கட்டடத்தை அல்ல. குழாய்கள் ஏறும் பொதுச் சந்து திறந்திருந்தால் எலி அங்கே இருந்துகொண்டுதான் இருக்கும், சத்தமும் கேட்கும். அதை வீட்டு உரிமையாளர் மற்றவர்களோடு பேசி மூட வேண்டும். விஷத்துக்கு ஆகும் செலவை வலைக்குக் கொடுக்கச் சொல், மாப்பிள்ளை பேசினால் ஒத்துக்கொள்வார்.

கொத்தனார் வரும் முன்பு ஐந்து துளைகளையும், பவுடரில் தடம் விழுந்ததையும் படம் எடுத்து அனுப்பு. எதைக் கடைசியாக அடைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மா இரண்டு ஸ்டீல் டிரம் எடுத்து வைத்திருக்கிறாள், வந்தவாசி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா