இரண்டாவது கிரைண்டருக்கு முன்னால்

அன்புள்ள மீனாவுக்கு,

சூப்பர் மார்க்கெட்காரர்கள் மாதம் இன்னும் ஐயாயிரம் பாக்கெட் மாவு கேட்டிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. நீ போன் பண்ணவில்லை. சரி, வேலை இருக்கும். தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது கிரைண்டர் வாங்க அம்மாவின் வளையலில் கை வைத்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கணக்கை மட்டும் கேள்.

தீபாவளிக்கு வந்தபோது நோட்டைக் காட்டினாயே, வாடகை, ஆள் சம்பளம், பழைய தவணை சேர்த்து மாதம் 35,000. ஒரு பாக்கெட்கூட விற்காவிட்டாலும் அது போகும். அரிசி, உளுந்து, கவர், கரண்ட், டெலிவரி பெட்ரோல் எல்லாம் பாக்கெட்டுக்கு 38 ரூபாய். விற்றால்தான் இந்தச் செலவு. கடைக்கு 48க்குப் போடுகிறாய். பத்து ரூபாய் நிற்கிறது. ஐயாயிரம் பாக்கெட்டுக்கு 50,000 வந்து, 35,000 போக, 15,000 உன் கையில். அழகாக எழுதி வைத்திருந்தாய்.

அந்த 35,000 அசையாமல் இருந்தால், பத்தாயிரம் பாக்கெட்டில் லாபம் 65,000. விற்பனை இரண்டு மடங்கு, லாபம் நாலு மடங்குக்கு மேல். இதைப் பார்த்துத்தானே வளையல் வரைக்கும் போனாய்?

ஆனால் புது ஆர்டருக்கு விலை 44தானாம். நிற்பது ஆறு ரூபாய், ஆக 30,000. கிரைண்டர் தவணை, இன்னொரு ஆள், பக்கத்து ஷட்டர் வாடகை என்று புதிதாக ஏறுவது 28,000. இவ்வளவு ஓடியும் கூடுதலாகக் கிடைப்பது 2,000. ஆறு மாதத்தில் அவர்கள் வேண்டாம் என்றால் 30,000 நின்றுவிடும், 28,000 நிற்காது. இப்போது வரும் 15,000 போய், மாதம் 13,000 கைநட்டம்.

உன் கிரைண்டர் மதியத்துக்கு மேல் சும்மாதானே கிடக்கிறது? அதையே சாயங்காலமும் ஓட்டு. ஆளுக்கு மாதச் சம்பளம் பேசாதே, பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் பேசு. நிற்பது நாலு ரூபாய், 20,000. பழைய பிரிட்ஜ் ஒன்றுக்கு மாதம் 3,000 போனாலும் 17,000 மிச்சம். ஆர்டர் நின்றால் அந்தக் கூலியும் நின்றுவிடும். உன் கழுத்தில் இருப்பது பிரிட்ஜ் மட்டும்தான். கிரைண்டர் இப்போது வேண்டாம் என்பது அதனால்தான். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் ஆர்டர் நிலைக்கட்டும், விலையும் 46க்கு வரட்டும், அப்புறம் வாங்கு.

பணம் 45 நாள் கழித்துத்தான் தருவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதுவரை அரிசி மண்டிக்கு யார் கொடுப்பது? பாக்கெட்டுக்கு நாற்பது ரூபாய் என்றால் ஒன்றரை மாதத்துக்கு மூன்று லட்சம் முடங்கும். லாபக் கணக்கில் இது தெரியாது.

புளித்துத் திரும்பும் பாக்கெட் யார் பொறுப்பு என்றும் எழுதி வாங்கு. ஒன்று திரும்பினால் நாற்பது ரூபாய் போச்சு, அதை ஈடுகட்டப் பத்து பாக்கெட் விற்க வேண்டும்.

என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஆர்டர் தாளைப் படம் எடுத்து மாப்பிள்ளையையாவது எனக்கு அனுப்பச் சொல். கிரைண்டர் மட்டும் இப்போது வேண்டாம்.

அப்பா