எந்தக் கறுப்பை அழிக்கலாம்? திருகோணமலைச் சந்தை வியாபாரிகளுக்கும் அவர்களின் படப்பட்டியலைத் தயாரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பழம், மரக்கறிப் படங்களைத் திருத்தக் கொடுக்கும்போது அநேகமாக எல்லோரும் சொல்வது, "கறுப்பு எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ" என்பதுதான். எந்தக் கறுப்பு என்று பிரித்துச் சொல்வதில்லை. படம் திருத்தும் நாங்களும் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் விடும் இந்தப் பிழையைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோளில் ஒரு தூசி ஒட்டியிருக்கிறது. காம்படியிலிருந்து கீழே வழிந்தாற்போல் ஒரு பழுப்புக் கோடு. வயிற்றுப் பக்கம் சற்றுக் குழிந்த மூன்று கரும்புள்ளிகள். தோல் முழுக்க வெளிறிய சின்னப் பொட்டுகள்.

தூசி பழத்துடையது அல்ல; தாராளமாக அழிக்கலாம். வெளிறிய பொட்டுகள் பழம் மூச்சுவிடும் துளைகள். அவை தோலின் இயல்பு, கைவைக்க வேண்டாம். பழுப்புக் கோடு, ஆய்ந்தபோது காம்பு முறிந்து வழிந்த பால் தோலைச் சுட்ட தழும்பு. சதைக்குப் பெரும்பாலும் கேடில்லை. ஆனால் குழிந்த கரும்புள்ளி அப்படியல்ல. அது அந்திரக்னோஸ் என்ற பங்கசு நோயாக இருக்கலாம். பழம் பழுக்கப் பழுக்க அதுவும் விரியும். படத்தில் மூன்று புள்ளியை அழித்துவிட்டு அனுப்பினால், வாங்கியவர் வீட்டில் சில நாளில் அது பெரிய கறுப்பாகப் படர்ந்திருக்கலாம்.

பால் தழும்பை என்ன செய்வது? கூடையைக் கேளுங்கள். கண்ணை மூடி 20 பழம் எடுத்து எண்ணுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் தழும்பு இருந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் படமெடுங்கள். அழிப்பதைவிட அது விரைவு. மூன்றிலோ அதற்கு மேலோ இருந்தால் அது அந்தக் கூடையின் குணம். தழும்புள்ள பழமும் படத்தில் இருக்கட்டும், பக்கத்தில் "பால் தழும்பு உண்டு, உள்ளே பாதிப்பில்லை" என்று எழுதி, ஒன்றை வெட்டிச் சதையையும் காட்டுங்கள். மூன்று என்பது எங்கள் கணக்கு. நீங்கள் இரண்டு என்று வைத்தாலும் சரி. எல்லாக் கடைக்கும் ஒரே கணக்காக இருப்பதே முக்கியம்.

அழிக்கத் தகுந்ததை அழிக்கும் முறை இது. GIMP மென்பொருளில் மூலப் படத்தைத் தொடாமல் அதன்மேல் வெறும் படலம் ஒன்றைச் சேர்த்து, `Healing` கருவியில் `Sample merged` என்பதைத் தெரிவு செய்யுங்கள். தூரிகை தூசியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். Ctrl விசையை அழுத்தியபடி, அதே அளவு வெளிச்சம் விழும் பக்கத்துத் தோலில் சொடுக்கிவிட்டு, தூசியின் மேல் ஒரேயொரு தடவை வையுங்கள். தேய்த்துக்கொண்டே போனால் துளைப் பொட்டுகள் மறைந்து தோல் பிளாஸ்டிக் போல் மழுங்கும். பழத்தின் விளிம்பில் இந்தக் கருவி பின்னணி நிறத்தை உள்ளே இழுத்துச் சேறாக்கும். அங்கே `Clone` கருவியே நல்லது. முடிந்ததும் மேல் படலத்தை மறைத்துக் காட்டிப் பாருங்கள். ஒரே பொட்டுக் கூட்டம் இரண்டு இடத்தில் தெரிந்தால் திருத்தம் கெட்டுவிட்டது.

நிறம்தான் கூடுதல் ஆபத்து. கடைக்கு மேலே நீலத் தறப்பாள் இருந்தால் அதன் சாயல் பழத்தில் இறங்கி, மஞ்சள் பச்சையாகத் தெரியும். ஆகவே படமெடுக்கும்போது பழத்தருகே ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். பிறகு, தூசியை அழிக்கத் தொடங்குமுன், மூலப் படலத்தின் நகலைத் தெரிவு செய்து, `Colors > Levels` சாளரத்தில் சாம்பல் புள்ளிக்கான சொட்டுக்குழாயால் தாளின் மேல் சொடுக்கினால் சாயல் நீங்கும். இது நேர்மையான திருத்தம். அதற்கு மேல் மஞ்சளைக் கூட்டினால், காயைப் பழம் என்று விற்கிறோம். வாழைப்பழத்தின் பழுப்புப் புள்ளியும் இதே கதை: அதைத் துடைத்தால், இன்றே சாப்பிட வேண்டிய சீப்பு மூன்று நாள் தாங்கும் என்று வாங்குபவர் நம்புவார்.

நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. விலையோடு போடும் படமும் பொருளின் தரத்தைப் பற்றி நீங்கள் கொடுக்கும் வாக்குத்தான்.

இன்னொன்று. மாம்பழத்தில் அடிபட்ட கன்றல் பல நேரம் தோலில் தெரியாது. பெருவிரலால் மெல்ல அழுத்தினால்தான் பிடிபடும். அதைப் படத்தால் காட்டவும் முடியாது, திருத்தத்தால் மறைக்கவும் தேவையில்லை. பொதி கட்டுபவர்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஒவ்வொரு படத்தின் கீழும் அது எடுத்த திகதியைப் போடுங்கள். திருத்தப் படலத்தோடு கூடிய XCF கோப்பை அந்தச் சரக்கு விற்று முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள். யாராவது பழத்தோடு திரும்பி வந்து கேட்டால், மேல் படலத்தை மறைத்து, எதை எடுத்தோம் என்று அவருக்கே காட்டலாம்.

இப்படிக்கு,
படத்திருத்த வேலை செய்வோர்,
திருகோணமலை