நிபுணர் கருத்து என்றாலே டாக்டருக்குச் சாதகமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவ அலட்சிய வழக்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘டாக்டர் தப்பு செய்தாரா என்று இன்னொரு டாக்டரிடமே கேட்டால் நியாயம் எப்படிக் கிடைக்கும்?’ என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். நுகர்வோர் ஆணையத்தில் நோயாளிகளுக்காகவும் சில சமயம் மருத்துவமனைகளுக்காகவும் வழக்கு நடத்துகிறவன் நான். என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே கேட்பதும் இதைத்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிபுணரே வேண்டாம் என்று போனால் முதலில் தோற்கப்போவது நோயாளி என்பது என் கட்சி.

வீட்டில் ஒருவர் இறந்துபோனால், ‘இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு ஏன் காப்பாற்றவில்லை?’ என்று குடும்பம் கேட்கும். சட்டம் அதைக் கேட்பதில்லை. அதே துறையில், சுமாரான திறமையுள்ள இன்னொரு டாக்டர், அதே நாளில், கையில் அதே விவரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார் என்றுதான் கேட்கிறது. ஊரிலேயே சிறந்த டாக்டர் என்ன செய்திருப்பார் என்பது அளவுகோல் இல்லை. குணமாகவில்லை என்பதும் அளவுகோல் இல்லை.

இந்த அளவுகோல் 1957-இல் இங்கிலாந்தில் வந்த போலம் வழக்கிலிருந்து நமக்கு வந்தது. போலம் என்ற நோயாளிக்கு மனச்சோர்வுக்காக மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுத்தார்கள். தசையைத் தளர்த்தும் மருந்து தரவில்லை, உடம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. வலிப்பு வந்த வேகத்தில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கேட்கும்போது அப்பட்டமான அலட்சியம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் தளர்த்தும் மருந்தைக் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்ற டாக்டர்களும் இருந்தார்கள், அதற்கே ஒரு ஆபத்து உண்டு, எல்லோருக்கும் கொடுக்கக்கூடாது என்றவர்களும் இருந்தார்கள். பொறுப்புள்ள ஒரு சாரார் ஏற்றுக்கொண்ட முறையைப் பின்பற்றியவரை, இன்னொரு சாரார் வேறு மாதிரி செய்வார்கள் என்பதற்காக அலட்சியக்காரர் என்று சொல்ல முடியாது என்று நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொன்னார். போலம் தோற்றார். நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதே அளவுகோலை ஏற்றது.

அப்புறம், ‘அந்தத் துறை டாக்டர்கள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள்’ என்பது ஒரு உண்மைத் தகவல். வாடகை ரசீதைப் போல அதை ஆவணமாக நீட்ட முடியாது. நீதிபதிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் வந்து சொல்லித்தான் ஆகவேண்டும். நிபுணர் கருத்து வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது இதனால்தான், டாக்டர்களுக்குச் சலுகை காட்டுவதற்காக அல்ல.

அது நோயாளிக்கு எப்படி உதவும் என்பதற்கு வெளியூர் போகவேண்டாம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1-இல் கொடுத்த தீர்ப்பே போதும். 1996 ஆகஸ்ட் 30-இல், 29-ஆவது வாரத்திலேயே பிறந்த பெண் குழந்தை. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்தார்கள், ஆக்சிஜன் கொடுத்தார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். செப்டம்பர் 23-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை பிழைத்தது. ஆனால் பார்வை போய்விட்டது.

காரணம், குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய். ஆர்.ஓ.பி. என்பார்கள். குழந்தை இந்த நோயோடு பிறப்பதில்லை. விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்வதற்குள் பிறந்துவிடுவதால், அதன் பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, கடைசியில் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் சாதாரணமாகத்தான் இருக்கும். கண் டாக்டர் கண்மணியை விரியவைத்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். சரியான வாரத்தில் பார்த்துவிட்டால் சிகிச்சை உண்டு. அந்த வாரங்கள் தாண்டிவிட்டால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

இப்போது நிபுணர் இல்லாமல் இந்த வழக்கை நடத்திப் பாருங்கள். பெற்றோர் என்ன சொல்வார்கள்? ‘கண்ணைப் பரிசோதிக்கவே இல்லை’ என்பார்கள். ‘குழந்தையின் உயிரைக் காப்பாற்றினோமே, 1996-இல் யார் கண்ணைப் பார்த்தார்கள்?’ என்று எதிர்த்தரப்பு கேட்டால் அதோடு வாய் அடைத்துப்போகும். முடிச்சை அவிழ்த்தது டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் குழு கொடுத்த அறிக்கை. 1,500 கிராமுக்குக் குறைவான எடையிலும் 32 வாரத்துக்கு முன்னும் பிறந்த குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை தேவை என்று அது சொன்னது. அத்தோடு நிற்காமல், அறிக்கை எழுதியதற்குப் பத்தாண்டுக்கு முன்பும் வழிமுறை பொதுவாக இதுதான், கருவுற்றதிலிருந்து 31 முதல் 33 வாரத்துக்குள் அல்லது பிறந்து 2 முதல் 6 வாரத்துக்குள் முதல் பரிசோதனை நடக்கவேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவது சொன்னதுதான் உயிர்நாடி. இன்றைய அறிவை வைத்து அன்றைய டாக்டரை எடைபோடக் கூடாது. அன்றைக்கே அது நடைமுறை என்று நிறுவினால்தான் வழக்கு நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 29 வாரத்தில் பிறந்த குழந்தை மருத்துவமனையில் மூன்றரை வாரம் இருந்திருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது முப்பத்திரண்டரை வாரம். அதாவது, பரிசோதிக்கவேண்டிய காலம் தொடங்கியபோது குழந்தை அவர்கள் கையில்தான் இருந்தது. பரிசோதனையும் நடக்கவில்லை, பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. பிற்பாடு குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோதும் கண்ணைப் பற்றிப் பேச்சே வரவில்லை. இத்தனைக்கும் எந்தக் குழந்தைக்கு இந்த நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று அதே எய்ம்ஸ் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. டாக்டர் தரப்புக்குச் சாதகமான வரிதான். ஆனால் யாருக்கு வரும் என்று தெரியாது என்பதால்தானே எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்? தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது.

எனவே ‘டாக்டருக்கு டாக்டர்தான் சாட்சியா’ என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆமாம், எழும்பூர்க் குழந்தைக்கும் டாக்டர்கள்தான் சாட்சி.

அதற்காக எல்லா நிபுணர் கருத்தையும் தலையில் தூக்கிவைக்கச் சொல்லவில்லை. ‘ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டன. மருத்துவ அலட்சியம் ஏதும் காணப்படவில்லை’ என்று ஒரே வரி, கீழே மூன்று கையெழுத்து, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இப்படி வந்த கடிதங்களை நானே கையில் வாங்கியிருக்கிறேன். இது கருத்தே இல்லை, வெறும் முடிவு. எந்தப் பக்கத்தைப் படித்தார்கள், எந்த வழிமுறையோடு ஒப்பிட்டார்கள், ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று எதுவும் கிடையாது. நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக நீதிமன்றம் தலையாட்டவேண்டியதில்லை, அந்தக் கருத்து தர்க்கத்துக்கு நிற்கிறதா என்று பார்க்கலாம் என்று இங்கிலாந்தின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையே 1997-இல் பொலிதோ வழக்கில் சொல்லிவிட்டது. கருத்து கொடுத்த நிபுணரை எழுத்து மூலமாகக் கேள்வி கேட்க ஆணையத்தில் மனுப் போடலாம். நம்மில் பலர் அதைச் செய்யாமலே கோட்டை விடுகிறோம்.

கட்டுரையில் ஒரு தகவல் பிழையும் உண்டு. நிபுணர் கருத்து இல்லாமல் புகாரே கொடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். அந்த நிபந்தனை வந்த ஜேக்கப் மேத்யூ வழக்கு கிரிமினல் வழக்கு. மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பது அதில் புகார். டாக்டர்மேல் வழக்கு தொடர்வதற்கு முன் இன்னொரு தகுதியான டாக்டரின் கருத்தைப் பெறவேண்டும் என்ற நிபந்தனை போலீசுக்கும் தனிநபர் கிரிமினல் புகாருக்கும் சொன்னது. ஜெயிலுக்கு அனுப்பவேண்டுமானால் சாதாரண அலட்சியம் போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்பதால் அந்த எச்சரிக்கை. 2009-இல் வேறொரு தீர்ப்பு இதை நுகர்வோர் வழக்குக்கும் நீட்டியது. அது சட்டப்படி சரியல்ல, எல்லா வழக்கிலும் நிபுணர் தேவையில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தியது. மலேரியாவுக்கு டைபாய்டு மருந்து கொடுத்ததாக எழுந்த வழக்கு அது. ஔரங்காபாத்தில் 1963-இல் கருத்தடை ஆபரேஷன் செய்த பெண்ணின் வயிற்றில் துண்டை வைத்துத் தைத்துவிட்டார்கள். அதற்கு எந்த நிபுணர் வேண்டும்? துண்டே சாட்சி.

ஆனால் இப்படித் துண்டு கிடைக்கிற வழக்கு அபூர்வம். என்னிடம் வருபவை பெரும்பாலும் ‘எப்போது ஐ.சி.யூ.வுக்கு மாற்றியிருக்கவேண்டும்’, ‘இந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வேறு டெஸ்ட் எடுத்திருக்கவேண்டாமா’ என்ற ரகம். அதிலும், அப்படிச் செய்திருந்தால் ஆள் பிழைத்திருப்பாரா என்ற அடுத்த கேள்வி காத்துக்கொண்டிருக்கும். அலட்சியம் நிரூபணமாகி, அந்த இடத்தில் விழுந்த வழக்குகள் உண்டு. அதற்கும் நிபுணர்தான் வரவேண்டும்.

புகார் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் முழு கேஸ் ஷீட்டையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நர்ஸ்கள் மணிக்கு மணி எழுதிய தாளில்தான் விஷயம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அதே துறை டாக்டர் ஒருவரிடம் போய், ‘இது அலட்சியமா?’ என்று கேட்காதீர்கள். சக டாக்டரைக் குற்றவாளி என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. ‘இரவு 11 மணிக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இப்படி இருக்கிறது, நீங்கள் டூட்டியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் தாளில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், நான் உட்பட எந்த வக்கீல் ஆசை காட்டினாலும் வழக்குப் போடவேண்டாம். வேறாக இருந்தால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், திருச்சி